தொண்ணூற்று நான்கு கட்டங்கள்

முதலில் ஒரு வரியைப் பார்த்துவிடுவோம்.

```
6220123456720048151623       0000068813E014           JOSE PENA               0123456780000001
```

இது ஒருவருடைய வாரச் சம்பளம். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் ஒரு சின்ன பேக்கரி. அங்கே வேலை பார்க்கும் ஹோசே பென்யாவின் கணக்கில் 688 டாலர் 13 சென்ட் வரவு வைக்கச் சொல்லி வங்கிக்குப் போகும் கட்டளைதான் மேலே இருப்பது. பேக்கரி, ஆள், எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் கற்பித்தவை. வரியின் அமைப்பு மட்டும் அசல். அமெரிக்காவில் சம்பளத்தை வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்பும் ஏசிஹெச் என்ற ஏற்பாடு இந்த வடிவத்தில்தான் ஓடுகிறது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கச் சிறு கடைகளுக்குச் சம்பளக் கணக்குப் பார்த்த காலத்தில் இந்த வரிகளோடு நான் நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன்.

வரியில் காற்புள்ளி இல்லை. தசமப் புள்ளி இல்லை. எது பெயர், எது பணம் என்று சொல்லும் தலைப்பும் இல்லை. அப்படியானால் வங்கியின் கணினிக்கு எப்படித் தெரியும்? எண்ணித்தான். முப்பதாவது எழுத்திலிருந்து முப்பத்தொன்பதாவது எழுத்து வரை எது இருக்கிறதோ அது பணம். ஐம்பத்தைந்திலிருந்து எழுபத்தாறு வரை எது இருக்கிறதோ அது பெயர். அந்த இடத்தில் தவறுதலாகக் கணக்கு எண் வந்து உட்கார்ந்தால் அதைத்தான் பெயர் என்று படிக்கும்.

நம் ஊர் வங்கியில் கணக்கு தொடங்கும் படிவத்தில் பெயர் எழுதச் சிறு சிறு கட்டங்கள் போட்டிருப்பார்கள் இல்லையா, அதே ஏற்பாடு. கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஒரு வித்தியாசம்: படிவத்தில் மீந்த கட்டங்களை அப்படியே விட்டுவிடலாம், கவுன்டரில் இருப்பவர் புரிந்துகொள்வார். இங்கே மீந்த கட்டங்களையும் நாம்தான் நிரப்ப வேண்டும், பெயராக இருந்தால் ஸ்பேஸ் போட்டு, பணமாக இருந்தால் பூஜ்யம் போட்டு. ஒரே ஒரு ஸ்பேஸ் குறைந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாமே ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்துவிடும்.

இந்தப் பழக்கம் துளை அட்டைகளின் காலத்திலிருந்து வருவது. 1928-இல் ஐபிஎம் கொண்டுவந்த அட்டையில் எண்பது நெடுவரிசைகள். ஒரு நெடுவரிசைக்கு ஓர் எழுத்து. முதல் ஆறு நெடுவரிசை பணியாளர் எண், அடுத்த இருபது பெயர் என்று அட்டையைப் பங்குபோட்டுக்கொள்வார்கள். பிறகு காந்த நாடா வந்தது, 1959-இல் வேலை தொடங்கி கோபால் என்ற கணினி மொழி வந்தது (சொந்தக்காரர் பெயர்போல ஒலித்தாலும் வங்கிகளின் முதுகெலும்பு அதுதான்). பங்குபோடும் முறை மட்டும் மாறவில்லை. கோபாலில் பணத்துக்கு இப்படி ஓர் இடம் ஒதுக்குவார்கள்:

```
05 AMOUNT PIC 9(8)V99.
```

எட்டு இலக்கம், பிறகு V, பிறகு இரண்டு இலக்கம். அந்த V என்பது "இங்கே தசமப் புள்ளி இருப்பதாக நினைத்துக்கொள்" என்று நிரலுக்குச் சொல்லும் குறிப்பு. புள்ளி எங்கேயும் சேமிக்கப்படுவதில்லை, ஒரு கட்டம் மிச்சம். அதனால்தான் மேலே இருக்கும் வரியில் 688.13 என்பது `0000068813` என்று நிற்கிறது. 1972-இல் கலிஃபோர்னியாவில் முதல் ஏசிஹெச் தொடங்கியபோதும், 1974-இல் நாச்சா என்ற அமைப்பு நாடு முழுமைக்குமான விதிகளைக் கையில் எடுத்தபோதும், அன்றைய கணினிகளுக்குப் பழக்கமான பாஷை இதுதான். இன்றைக்கும் ஒரு வரிக்கு 94 எழுத்து. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஃபைலின் முதல் வரியே தன்னைப் பற்றி இப்படி அறிவித்துக்கொள்ளும்: 35-ஆவது இடத்திலிருந்து `094101`. ஒரு வரி 094 எழுத்து, பத்து வரி ஒரு தொகுதி, வடிவம் 1.

மறுமுனையில் பேக்கரிக்காரர் வைத்திருப்பது எக்செல். மூன்று பணியாளர்கள், மூன்று வரிசைகள். A நெடுவரிசையில் வங்கியின் ரவுட்டிங் எண், B-யில் கணக்கு எண், C-யில் பணியாளர் எண், D-யில் பெயர், E-யில் சம்பளம். இதை அதுவாக மாற்ற வேண்டும். பார்த்தால் அரை மணி நேர வேலை. ஆனால் இரண்டும் நேர் எதிர்க் குணம் கொண்டவை. எக்செல் உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறொன்றைக் காட்டும். 94 எழுத்து வரிக்கு உள்ளே, வெளியே என்ற பேச்சே கிடையாது, எழுதியிருப்பதுதான் எல்லாம். நான் பார்த்த தகராறுகளில் பெரும்பாலானவை இந்த ஓர் இடத்தில் பிறந்தவைதான்.

முதல் தகராறு பூஜ்யம். அமெரிக்க ரவுட்டிங் எண்ணுக்கு ஒன்பது இலக்கம். முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் ஃபெடரல் ரிசர்வின் வட்டாரத்தைக் குறிக்கும்: 01 பாஸ்டன், 02 நியூயார்க், 03 பிலடெல்ஃபியா என்று போய், 12 சான்ஃப்ரான்சிஸ்கோ. பன்னிரண்டு வட்டாரத்தில் ஒன்பதுக்கு எண் பூஜ்யத்தில்தான் தொடங்குகிறது. எக்செல்லில் 012345672 என்று தட்டி என்டர் போட்டுப் பாருங்கள். 12345672 என்று நிற்கும். எக்செல்லைப் பொறுத்தவரை அது ஓர் எண், எண்ணுக்கு முன்னால் பூஜ்யத்துக்கு மதிப்பு கிடையாது.

ரவுட்டிங் எண்ணில் இது நடந்தால் கவலை இல்லை. மொத்தம் ஒன்பது இலக்கம் என்று நமக்குத் தெரியும், ஆகையால் போனது ஒரு பூஜ்யம் என்று கணக்குச் சொல்லிவிடும். முன்னால் ஒன்பது பூஜ்யத்தை ஒட்டி, வலப்பக்கத்திலிருந்து ஒன்பதை மட்டும் வெட்டி எடுத்தால் போதும்:

```
=RIGHT("000000000"&A2,9)
```

கணக்கு எண்ணில் இந்த வித்தை எடுபடாது. வங்கிக்கு வங்கி கணக்கு எண்ணின் நீளம் மாறும். ஏசிஹெச் வரியில் அதற்குப் பதினேழு கட்டம் ஒதுக்கியிருக்கிறார்கள், எத்தனை இலக்கம் வந்தாலும் இடப்பக்கம் ஒட்டி எழுதி, மீதியை ஸ்பேஸால் நிரப்ப வேண்டும். ஹோசேயின் கணக்கு எண் 0048151623. எக்செல் அதை 48151623 ஆக்கிவிட்ட பிறகு, முன்னால் இருந்தது ஒரு பூஜ்யமா, இரண்டா, இல்லவே இல்லையா என்று சொல்ல எந்தச் சூத்திரத்தாலும் முடியாது. இதைவிட மோசம், பதினைந்து இலக்கத்தைத் தாண்டிய கணக்கு எண். எக்செல் எண்களைப் பதினைந்து இலக்கத் துல்லியத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. பதினாறாவது இலக்கமும் பதினேழாவதும் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். திரையில் 1.23457E+16 என்கிற மாதிரி ஏதாவது தெரிந்தால் காரியம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். அந்தக் கட்டத்தை எவ்வளவு அகலப்படுத்தினாலும் பழைய இலக்கம் திரும்பாது.

ஆகவே எண்ணைத் தட்டுவதற்கு முன்பே A, B நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுத்து, Format Cells-இல் Text என்று வைத்துவிட வேண்டும். தட்டிய பிறகு வைத்தால் பயன் இல்லை, போன பூஜ்யம் போனதுதான். வேறு மென்பொருளிலிருந்து வந்த CSV ஃபைலை இரட்டைச் சொடுக்கில் திறந்தாலும் இதே கதி. எண்போல் இருப்பதையெல்லாம் எக்செல் எண்ணாக்கிவிடும். அதற்கு Data மெனுவில் உள்ள From Text/CSV வழியாக உள்ளே கொண்டுவந்து, அந்த நெடுவரிசை எழுத்து என்று அங்கேயே சொல்ல வேண்டும். பூஜ்யம் தொலைந்ததா என்று சந்தேகம் வந்தால் பணியாளர் கொடுத்த, கணக்கு எண் அச்சடித்த காசோலையை எடுத்து வைத்துக்கொண்டு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுவதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை.

அடுத்தது பணம். இங்கேதான் நான் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஹோசே வாரம் 37.5 மணி நேரம் வேலை செய்தார், மணிக்கு 18.35 டாலர். பெருக்கினால் 688.125. இன்னொருவருக்கும் அதே நேரம், அதே கூலி. மூன்றாமவர் 40 மணி, 21.50 டாலர், அதாவது 860. வரிப் பிடித்தங்களை இந்தக் கணக்கில் ஒதுக்கி வைத்துவிடுவோம். நெடுவரிசை இரண்டு தசமம் காட்டும்படி வைத்திருப்பதால் திரையில் 688.13, 688.13, 860.00 என்று தெரிகிறது. கீழே கூட்டுத்தொகை 2236.25 என்று வருகிறது. கண்ணால் கூட்டிப் பாருங்கள், 2236.26 வர வேண்டும். எக்செல் தப்பாகக் கூட்டவில்லை. உள்ளே இருக்கும் 688.125-ஐ இரண்டு முறை கூட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு சென்ட் வித்தியாசம்.

ஃபைலின் கடைசியில் மொத்தத் தொகையைச் சொல்லும் வரிகள் உண்டு. வங்கி ஒவ்வொரு பணியாளர் வரியிலும் இருக்கும் தொகையைத் தானே கூட்டி, நாம் எழுதிய மொத்தத்தோடு ஒப்பிடும். வரிகளைக் கூட்டினால் 223626, நாம் எழுதியது 223625. ஃபைல் அப்படியே திரும்பி வரும். எனக்கு வந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு, மறுநாள் சம்பள நாள். ஒவ்வொரு வரியாகப் பார்க்கிறேன், எல்லாமே சரியாகத்தான் இருக்கிறது. எழுபது பேருடைய ஃபைல் அது, நான்கு சென்ட் இடித்தது. நான்கு சென்ட்டுக்காக நான் குடித்த தேநீருக்கே அதைவிட அதிகம் செலவாகியிருக்கும்.

மருந்து எளிது. வடிவம் மாற்றி இரண்டு தசமம் காட்டுவதோடு நிற்காமல், பெருக்குகிற இடத்திலேயே உண்மையாக முழுமையாக்கிவிட வேண்டும். மணி நேரம் F-இலும் கூலி விகிதம் G-யிலும் இருந்தால், E2-இல் `=ROUND(F2*G2,2)`. அதற்குப் பிறகு திரையில் தெரிவதும் உள்ளே இருப்பதும் ஒன்றாகிவிடும். பிறகு நூறால் பெருக்கி, பத்து இலக்கமாக விரித்து எழுதலாம்:

```
=TEXT(E2*100,"0000000000")
```

நூறால் பெருக்க மறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். `0000000688` என்று வரும். பத்து இலக்கம் சரி, எல்லாம் எண்கள், இடமும் சரி. மொத்தத்தையும் அதே தவறோடு எழுதியிருந்தால் வங்கியின் சோதனைகள் எதிலும் சிக்காது. ஹோசேக்கு ஆறு டாலர் 88 சென்ட் சம்பளம் போகும். தசமப் புள்ளியோடு `0000688.13` என்று அனுப்பினால் எண் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளியைக் கண்டு கணினி உடனே கத்திவிடும். கத்துகிற தவறை நான் பொருட்படுத்துவதில்லை. பேசாமல் உள்ளே போய்விடும் தவறுக்குத்தான் பயம்.

பெயர் சுலபமாகத் தெரியும், தெரிவதுதான். ஸ்பானியப் பெயரை முறைப்படி எழுதினால் José Peña. அந்த é, ñ இரண்டும் கண்ணுக்கு ஒவ்வோர் எழுத்து. எக்செல்லின் `LEN` சூத்திரத்துக்கும் ஒவ்வோர் எழுத்து. ஆனால் ஃபைலை இன்றைய வழக்கப்படி UTF-8 ஆகச் சேமித்தால், ஒவ்வொன்றும் இரண்டு பைட். பழைய கணினி எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டைத்தான் எண்ணும். ஆகவே வரி 94 என்று எக்செல் சத்தியம் செய்யும், வங்கிக்கு அது 96 ஆகப் போய்ச் சேரும். பெயருக்குப் பின்னால் இருப்பதெல்லாம் இரண்டு கட்டம் வலப்பக்கம் நகர்ந்துவிடும். 79-ஆவது இடத்தில் 0 அல்லது 1 இருக்க வேண்டும், அங்கே ஸ்பேஸ் நிற்கும். நமக்கு இந்தச் சங்கதி புதிதல்ல. "கி" என்று நாம் ஓர் எழுத்தாக எழுதுவது யுனிகோடில் இரண்டு குறியீடு, UTF-8-இல் ஆறு பைட். ஏசிஹெச் ஏற்றுக்கொள்வது சாதாரண ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டுமே என்பதால், பென்யா தன் அலைக்குறியை இழந்து PENA ஆகத்தான் வேண்டும்.

கண்ணுக்கே தெரியாத ஒரு தம்பியும் இதற்கு உண்டு. இணையப் பக்கத்திலிருந்து பெயரை நகலெடுத்து ஒட்டினால், சில நேரம் சாதாரண ஸ்பேஸுக்குப் பதிலாக வரியை உடைக்காத ஸ்பேஸ் என்ற வேறொரு எழுத்து வந்துவிடும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், `TRIM` சூத்திரம் அதைத் தொடாது, சேமிக்கும்போது அதுவும் இரண்டு பைட். பெயர் நெடுவரிசை முழுவதையும் ஒருமுறை இந்தச் சூத்திரத்தில் நனைத்து எடுப்பது என் வழக்கம்:

```
=UPPER(TRIM(SUBSTITUTE(D2,CHAR(160)," ")))
```

இனி கோப்பதுதான். ஒரு பணியாளர் வரியில் வரிசை இப்படிப் போகும். முதல் கட்டத்தில் 6, பணியாளர் வரி என்பதற்கு அடையாளம். அடுத்த இரண்டில் 22, செக்கிங் கணக்கில் வரவு வை என்று பொருள் (சேமிப்புக் கணக்காக இருந்தால் 32). பிறகு ஒன்பது கட்டம் ரவுட்டிங் எண், பதினேழு கணக்கு எண், பத்து தொகை, பதினைந்து பணியாளர் எண், இருபத்திரண்டு பெயர், இரண்டு வெற்று, ஒரு 0, கடைசிப் பதினைந்து கட்டத்தில் தட எண். அனுப்பும் வங்கியின் எட்டு இலக்கமும் ஏழு இலக்க வரிசை எண்ணும் சேர்ந்தது அது. இதையெல்லாம் ஒரே சூத்திரத்தில் எழுதலாம், ஆனால் எழுதாதீர்கள். துண்டுக்கு ஒரு நெடுவரிசை வைத்துக்கொண்டு, கடைசியில் ஒட்டுங்கள். ஏதாவது இடித்தால் எந்தத் துண்டு என்று அப்போதுதான் தெரியும். எழுத்துத் துண்டுக்கு அச்சு இது:

```
=LEFT(D2&REPT(" ",22),22)
```

பெயருக்குப் பின்னால் இருபத்திரண்டு ஸ்பேஸை ஒட்டி, இடப்பக்கத்திலிருந்து இருபத்திரண்டை மட்டும் வெட்டுகிறது. பெயர் சின்னதாக இருந்தால் ஸ்பேஸ் நிரப்பும், நீளமாக இருந்தால் வாலை வெட்டும். பெயரில் வால் போனால் பெரிய நஷ்டமில்லை. கணக்கு எண்ணில் 17 போட்டு இதே அச்சைப் பயன்படுத்தும்போது மட்டும், பதினேழைத் தாண்டிய எண் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டுப்பட்ட கணக்கு எண் வேறு யாருடைய கணக்காகவும் இருக்கலாம்.

ஒட்டிய நெடுவரிசைக்கு Consolas அல்லது Courier New எழுத்துரு வையுங்கள். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்பதால், ஒன்றன்கீழ் ஒன்றாக வரிகள் நேர்கோட்டில் நிற்கும். ஏதாவது ஒரு வரி கட்டம் தவறியிருந்தால் செங்கல் பிதுங்கிய சுவர்போலக் காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்தில் ஒரு `LEN` நெடுவரிசை, எல்லாவற்றிலும் 94.

இனி ஃபைலாக வெளியே எடுக்க வேண்டும். எக்செல்லின் Save As பட்டியலில் Formatted Text (Space delimited) என்று ஒன்று இருக்கிறது, `.prn` என்று முடியும். நெடுவரிசையின் அகலம் எத்தனையோ அத்தனை எழுத்தாக அது எழுதித் தரும். இதற்காகவே செய்ததுபோலத் தோன்றும். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அது ஸ்பேஸால் நிரப்புமே தவிரப் பூஜ்யத்தால் நிரப்பாது. எண் கட்டத்துக்குள் அடங்காமல் திரையில் #### என்று தெரிந்தால் ஃபைலிலும் #### என்றே எழுதிவைக்கும். யாராவது மவுஸால் நெடுவரிசையைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் ஃபைலின் இடக்கணக்கே மாறிவிடும். 240 எழுத்தைத் தாண்டிய வரிகளின் மீதியை, எல்லா வரிகளும் முடிந்த பிறகு கீழே கொண்டுபோய் எழுதும். நம் 94-க்கு அந்தக் கடைசிக் கஷ்டம் இல்லை. நீளமான வரி கேட்கும் வேறு பழைய அமைப்புகளுக்கு ஃபைல் செய்பவர்கள் அதில் மாட்டிக்கொண்டால் காரணமே புரியாமல் தவிப்பார்கள். லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு Text CSV ஆகச் சேமிக்கும்போது Edit filter settings-ஐத் தேர்ந்தெடுத்தால் Fixed column width என்று ஒரு பெட்டி வரும். அதுவும் இதே ஜாதிதான்.

ஒட்டிய நெடுவரிசையை மட்டும் நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிச் சேமிப்பதே நேர்வழி. Text (Tab delimited) என்று சேமித்தால் நிறுவனத்தின் பெயரில் ஒரு காற்புள்ளி இருந்தால்கூட எக்செல் அந்த வரி முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் போட்டுவிடும், முதல் கட்டத்தில் மேற்கோள்குறி வந்து உட்கார்ந்துகொள்ளும். நோட்பேடில் ஒட்டும்போதும், பெயர்க் கட்டத்துக்குள் யாராவது Alt+Enter அடித்து வரி உடைத்திருந்தால் இதே மேற்கோள் வரும். சேமிக்கும்போது Encoding என்ற இடத்தில் UTF-8 with BOM என்று மட்டும் இருக்கக் கூடாது. அது ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டை வைத்துவிடும், முதல் வரியின் 1 நான்காவது இடத்துக்குப் போய்விடும்.

மூன்று பணியாளருக்கு மூன்று வரி போதாது. மேலே ஃபைலுக்கு ஒரு தலைப்பு வரி, சம்பளத் தொகுப்புக்கு ஒரு தலைப்பு வரி. கீழே தொகுப்புக்கு ஒரு முடிப்பு, ஃபைலுக்கு ஒரு முடிப்பு. தலைப்பு வரிகளில் வரும் நிறுவன எண், வங்கி எண் போன்றவற்றை வங்கியே கொடுக்கும், ஊகித்து எழுதக் கூடாது. முடிப்பு வரியை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம், சுவாரசியம் அதில்தான்.

```
9000001000001000000030014814812000000000000000000223626
```

முதலில் 9. ஒரு தொகுப்பு, பத்து வரி கொண்ட ஒரு தொகுதி, மூன்று பணியாளர். அதற்கடுத்து `0014814812` என்று பத்து இலக்கம். அது பணமும் அல்ல, கணக்கு எண்ணும் அல்ல. பணியாளர்களுடைய ரவுட்டிங் எண்களின் முதல் எட்டு இலக்கத்தைக் கூட்டி வந்த தொகை. ஹோசேயின் வங்கி 01234567, இரண்டாமவருக்கும் அதே வங்கி, மூன்றாமவருக்கு 12345678. கூட்டினால் 14814812. வங்கி எண்களைக் கூட்டுவதில் என்ன அர்த்தம்? ஓர் அர்த்தமும் இல்லை. தெருவில் உள்ள கதவு எண்களைக் கூட்டுகிற மாதிரிதான். ஆனால் வழியில் ஏதாவது ஓர் இலக்கம் மாறினாலோ, ஒரு வரி விழுந்துபோனாலோ இந்தத் தொகை இடிக்கும். ஹோசேயின் பூஜ்யத்தை எக்செல் தின்றுவிட்டு, நாம் ஒன்பது இலக்கமாக்க மறந்து முதல் எட்டை வெட்டியிருந்தால் 12345672 என்று வந்திருக்கும், மொத்தமே எங்கேயோ போயிருக்கும். கூட்டல் பத்து இலக்கத்தைத் தாண்டினால் வலப்பக்கப் பத்தை மட்டும் எழுதினால் போதும். பிறகு பற்று மொத்தம் பூஜ்யம், வரவு மொத்தம் 223626.

வரி 55-ஆவது எழுத்தோடு முடிந்ததுபோல் தெரிகிறது. முடியவில்லை. அதற்குப் பின்னால் 39 ஸ்பேஸ் இருக்கின்றன. அச்சில் தெரியாது, ஆனால் இருந்தாக வேண்டும். வரியின் வாலில் தொங்கும் ஸ்பேஸை வீண் என்று நினைத்துச் சேமிக்கும்போது துடைத்துவிடும் எடிட்டர்கள் உண்டு, நிரலாளர்கள் அந்த வசதியை விரும்பிப் போட்டு வைத்திருப்பார்கள். அப்படி ஒருவரிடம் "ஒருமுறை திறந்து பார்த்துட்டு அனுப்புங்க" என்று கொடுத்தால் சுத்தமாகத் துடைத்து அனுப்பிவைப்பார்.

இப்போது ஏழு வரி ஆகிவிட்டது. பத்துப் பத்தாகத்தான் வாங்கும் என்பது நாடாக் காலத்து விதி, ஆகவே மீதி மூன்று வரியை வெறும் 9-ஆல் நிரப்ப வேண்டும், `=REPT("9",94)`.

எல்லாம் முடிந்த பிறகு நான் செய்யும் சோதனைக்கு எக்செல்கூட வேண்டாம். ஃபைலை வலச்சொடுக்கு சொடுக்கி Properties-இல் அளவைப் பார்ப்பேன். விண்டோஸில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு பைட் சேரும். 94-உம் 2-உம் 96. பத்து வரிக்கு 960 பைட். Size என்ற இடத்தில் 960 இருந்தால் நீளக் கணக்கு சரி. 962 இருந்தால் José Peña தன் இரண்டு குறிகளையும் விடாமல் வைத்திருக்கிறார். 963 என்றால் தலையில் அந்த மூன்று பைட். 921 என்றால் 39 ஸ்பேஸையும் யாரோ துடைத்துவிட்டார்கள். 958 மட்டும் தப்பில்லை, கடைசி வரிக்குப் பிறகு என்டர் விழவில்லை, அவ்வளவுதான். சில வங்கிகள் அதைப் பொருட்படுத்துவதில்லை, சில கேட்கும்.

960 வந்துவிட்டால் ஆறு டாலர் 88 சென்ட் தவறும் பிடிபட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். அளவு இடத்தை மட்டுமே சொல்லும், மதிப்பைச் சொல்லாது. அதற்காக ஃபைலில் உள்ள வரவு மொத்தத்தின் வாலிலிருந்து இரண்டு இலக்கம் தள்ளிப் புள்ளி வைத்து, பேக்கரிக்காரரிடம் தொலைபேசியில் கேட்பேன்: "இந்த வாரம் 2236.26, சரியா?" அவர் தன் நோட்டைப் பார்த்துச் சரி என்பார். சில வாரம் ஒரு சென்ட் குறைத்துச் சொல்வார், அவருடைய எக்செல்லில் இன்னும் பழைய கூட்டல்தான் இருக்கும். புதிதாக ஒரு பணியாளர் சேர்ந்திருந்தால், சம்பளம் அனுப்புவதற்குச் சில நாள் முன்பே 22-க்குப் பதில் 23 என்று போட்டு, பூஜ்யம் டாலருக்கு ஒரு வரி அனுப்பிப் பார்ப்போம். கணக்கு எண் தவறாக இருந்தால் அது வங்கியிலிருந்து திரும்பி வரும். திரும்பி வந்த வரிகளில் பாதிக்கு மேல், முன்னால் இருந்த பூஜ்யம் போன கணக்கு எண்கள்தான்.